அஞ்சு நாளாக வெளிக்குப் போகவில்லை: கிளிசரின் சப்போசிட்டரியா, எனிமாவா?

எங்கள் டவுன் பார்மசியில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவள் நான். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நடுவே ஒரு கடைத்தெரு, பழைய லயத்து ஆட்கள் பாதிப் பேர் இப்போது பக்கத்துத் தாமான் வீடுகளில். காலையில் கடை திறந்ததும் வருகிறவர்களில் ஒருவராவது குரலைத் தாழ்த்திக் கேட்பது இதைத்தான்: "அக்கா, அம்மாவுக்கு அஞ்சு நாளா வெளிக்குப் போகல. எனிமா இருக்கா? பெருசா ஒண்ணு குடுங்க."

பெரிசு என்றால் வேகமாக வேலை செய்யும், சின்னது குழந்தைகளுக்கு என்று ஒரு நினைப்பு ஊரில் இருக்கிறது. பெரியது வேகமானதுதான், அதில் பொய் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியோடு வருகிற பத்துப் பேரில் பலருக்கு அம்மாவின் வயது அறுபதுக்கு மேல், பிரஷர் மாத்திரை உண்டு, சுகர் உண்டு, கிட்னி 'கொஞ்சம் வீக்' என்று கிளினிக் கெசிஹாத்தானில் சொல்லியிருப்பார்கள். அந்த அம்மாவுக்குத்தான் அந்தப் பெரிய பாட்டில் ஆபத்து. அதனால் எது நல்லது என்று பொதுவாகப் பேசாமல், வீட்டில் இருக்கும் ஒரு வயதானவருக்கு எதை வாங்குவது என்பதை மட்டும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் கிளிசரின் சப்போசிட்டரி, எனிமா இரண்டும் என்ன செய்கின்றன என்று பார்ப்போம், ஏனென்றால் தேர்வு அதில்தான் இருக்கிறது.

கிளிசரின் சப்போசிட்டரி என்பது விரல் நுனி அளவுக்கு வழவழப்பாக, கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு மருந்துத் துண்டு. பெரியவர்களுக்கானது தயாரிப்பைப் பொறுத்து 2 கிராமோ 4 கிராமோ இருக்கும், குழந்தைகளுக்கானது சுமார் 1 கிராம். ஆசனவாய்க்குள் வைத்தால் அது மெல்லக் கரைந்து, சுற்றியிருக்கும் திசுவிலிருந்து தண்ணீரை இழுத்து மலத்தின் வெளிப்புறத்தை நனைக்கும், வழுக்க வைக்கும், மலக்குடலின் சுவரைக் கொஞ்சம் உறுத்தி 'போகணும்' என்ற உணர்வையும் கிளப்பும். 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். உடம்புக்குள் உறிஞ்சப்படுவது சொற்பம், பெரும்பகுதி மலத்தோடு வெளியே வந்துவிடும். "கிளிசரின் இனிப்பாச்சே, சுகர் ஏறிடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அளவுக்கு ஏறாது.

ஆனால் அதன் எல்லை ரொம்பச் சின்னது. கடைசி ஒரு சாண் குடலுக்குள் மலம் வந்து நின்றால்தான் அது உதவும். மேலே, வயிற்றுக்குள் எங்கேயோ தங்கி நிற்கும் மலத்தை ஒரு கிளிசரின் துண்டால் கீழே இழுத்துவர முடியாது.

எனிமா என்பது ஒரே பொருள் இல்லை, இதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஒரு விரல் நீளச் சிறு குழாயில் 5 மில்லி மட்டும் இருக்கும் சிட்ரேட் எனிமாவும் எனிமாதான். 133 மில்லி பாட்டிலில் வரும் பாஸ்பேட் எனிமாவும் எனிமாதான். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் சிவப்பு ரப்பர் குழாயும் எனாமல் குவளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சோப்புத் தண்ணீர் ஏற்றினார்களே, அதுவும் எனிமாதான். இவற்றுக்குள் பெயர் ஒன்று, உள்ளே போவது வேறு வேறு. கடைக்கு வந்து 'எனிமா' என்று மட்டும் கேட்டால் நான் முதலில் கேட்பது, யாருக்கு, எந்த மருந்து சாப்பிடுகிறார், கிட்னி எப்படி என்றுதான். சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். கேட்காமல் கொடுக்க மாட்டேன்.

பெரிய பாஸ்பேட் பாட்டில் வேலை செய்யும் விதம் வேறு. அதில் இருப்பது உப்பு, ஆனால் நாம் சோற்றில் போடுகிற உப்பு அல்ல, சோடியம் பாஸ்பேட். அந்த உப்புக் கரைசல் மிகக் கெட்டியானது, அதனால் உடம்புத் தண்ணீரைக் குடலுக்குள் வேகமாக இழுக்கும். குடல் விரிந்து சட்டென்று சுருங்கும். ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஓட வேண்டியதுதான். ஆரோக்கியமான முப்பது வயதுக்காரருக்கு இது ஒரு தடவை என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே போனது அத்தனையும் வெளியே வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் அது செய்யப்பட்டிருக்கிறது.

வராமல் உள்ளேயே நின்றுவிட்டால்? அங்கேதான் விஷயம் மாறுகிறது. குடல் சோர்ந்துபோன முதியவருக்கு, கல் மாதிரி மலம் வழியை அடைத்து நிற்கும்போது, ஏற்றிய திரவம் வெளியே வராமல் தங்கலாம். தங்கியது மெல்ல ரத்தத்தில் ஏறும். ஒரு பெரிய பாட்டிலில் இருந்து உள்ளே போகிற 118 மில்லியில் சோடியம் மட்டும் சுமார் 4.4 கிராம், பாஸ்பரஸ் கணக்குப் போட்டால் சுமார் 5 கிராம். டயாலிசிஸில் இருப்பவருக்கு டயட்டீசியன் ஒரு நாளைக்கு அனுமதிக்கும் பாஸ்பரஸ் பொதுவாக 800 முதல் 1000 மில்லிகிராம். அதாவது ஒரே பாட்டில், ஐந்து நாள் அளவு. கிட்னி நன்றாக இருந்தால் மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். கிட்னி தளர்ந்திருந்தால் அது ரத்தத்தில் நின்று கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் சட்டென்று குறையும். வாயைச் சுற்றி மரத்துப் போவது, கை விரல் இழுத்துக்கொள்வது, இதயத் துடிப்பு தாறுமாறாவது எல்லாம் அப்போது வருபவை. அதோடு குடலுக்குள் இழுக்கப்பட்ட தண்ணீரால் உடம்பு வறண்டு, பலவீனமான கிட்னி இன்னும் அடி வாங்கும்.

இது நான் கவுண்டரில் நின்று கற்பனை செய்வது அல்ல. 2014 ஜனவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் சோடியம் பாஸ்பேட் மருந்துகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. 24 மணி நேரத்துக்குள் ஒன்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. 2 வயதுக்குக் கீழே பின்பக்கமாகக் கொடுக்கவே கூடாது. 55 வயதைத் தாண்டியவர்கள், உடம்பில் தண்ணீர் குறைந்தவர்கள், கிட்னி நோயாளிகள், குடல் அடைப்போ வீக்கமோ உள்ளவர்கள் எல்லாருக்கும் ஆபத்து அதிகம். அப்புறம் ஒரு வரி, அதைத்தான் நான் வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கிட்னியைத் தொடும் மருந்து எடுப்பவர்களும் கவனம். சிறுநீர் இறங்கும் மாத்திரை, பெரிண்டோபிரில் போன்ற 'பிரில்' பிரஷர் மாத்திரைகள், லொசார்டான் வகை, மூட்டு வலிக்கு விழுங்கும் டிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென். எங்கள் ஊர் அம்மாமார் பையைத் தலைகீழாகக் கொட்டினால் இதில் இரண்டு மூன்று நிச்சயம் விழும்.

இந்த இடத்தில் ஒரு கொடுமையான சுற்று இருக்கிறது. கிட்னி நோயாளிகள் பலருக்கு, சாப்பாட்டிலிருந்து பாஸ்பேட் ஏறாமல் பிடித்துவைக்க கால்சியம் கார்பனேட் மாத்திரை கொடுப்பார்கள், சாப்பாட்டோடு மென்று தின்னச் சொல்லி. அந்த மாத்திரையே மலத்தை இறுக்கும். மலம் இறுகிவிட்டது என்று வீட்டில் யாரோ போய், பாஸ்பேட் எனிமா வாங்கி வந்து பின்பக்கமாக ஏற்றுவார்கள். எந்தப் பொருளை உள்ளே விடாமல் தடுக்க மூன்று வேளையும் மாத்திரை விழுங்கினாரோ அதே பொருள், ஒரே தடவையில்.

சரி, ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அடையாளத்தை மாற்றிவிட்டேன்.

ஒரு மகன், மோட்டாரை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். அம்மாவுக்கு 71 வயது. சின்ன வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே பெரட்டுக்குப் போக வேண்டும், காலையில் வயிறு வருகிற நேரத்தில் நிரையில் மரத்தோடு நிற்க வேண்டும், அடக்கிக்கொண்டு வேலை செய்வார்கள். இப்படி முப்பது வருடம் அடக்கியவர்களுக்கு மலக்குடல் 'வந்துவிட்டது' என்று சொல்வதையே குறைத்துக்கொள்கிறது. இப்போது ஓய்வில் இருந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதோடு கிளினிக்கில் பிரஷருக்குப் பெரிண்டோபிரில், கால் வீக்கத்துக்கு நீர் இறக்கும் மாத்திரை, ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை, கிட்னிக்குக் கால்சியம் கார்பனேட். இரும்பு மாத்திரையும் கால்சியமும் சேர்ந்தால் மலம் இறுகாமல் என்ன செய்யும்.

மகன் கேட்டது இரண்டு பொருள். ஒன்று, பெரிய எனிமா. இன்னொன்று, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை. "அஞ்சு நாளா போகல அக்கா, இப்ப ரெண்டு நாளா கொஞ்சம் கொஞ்சமா தண்ணியா வருது. கட்டில்ல கறை படுது. மனைவி இது வயித்தால போறதுதான்னு சொல்றா."

இரண்டையும் கொடுக்கவில்லை. ஐந்து நாள் அடைப்புக்குப் பிறகு கட்டுப்பாடு இல்லாமல் தண்ணீர் கசிவது வயிற்றுப்போக்கு அல்ல. வழியில் கெட்டிப்பட்ட மலக் கட்டி நிற்கிறது, மேலே இருந்து வருகிற நீர்த்த மலம் அதன் ஓரமாக ஒதுங்கி வெளியே கசிகிறது. இதற்கு வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். வயதானவர்களிடம் இதைத் தவறாகப் புரிந்துகொள்வது ரொம்பச் சாதாரணம், அதனால்தான் 'எத்தனை நாளாகப் போகவில்லை' என்பதற்கு அப்புறம் 'கசிவு உண்டா' என்றும் கேட்பேன்.

பிறகு சில கேள்விகள். வாந்தி வருகிறதா? இல்லை. வயிறு பலூனாக ஊதிக் கல்லாக இருக்கிறதா, தொட்டால் கடுமையான வலியா? கொஞ்சம் உப்பல்தான், வலி இல்லை. காற்று பிரிகிறதா? பிரிகிறது. ரத்தம்? இல்லை. காய்ச்சல்? இல்லை. 'வரவே இல்லை' என்கிறாரா, 'வந்து நிற்கிறது, வெளியே வர மாட்டேங்குது' என்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்விதான் தேர்வைச் சொல்லும். மகன் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். அம்மா சொன்னது, "வாசல்ல கல்லு நிக்கிற மாதிரி இருக்குய்யா, முக்குனா வலிக்குது." வாசலில் நிற்கிறது என்றால் சப்போசிட்டரிக்கு எட்டும் தூரம்தான்.

வாந்தி இருந்திருந்தால், காற்றும் பிரியாமல் வயிறு ஊதியிருந்தால், அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது சப்போசிட்டரியும் கிடையாது, எனிமாவும் கிடையாது, வாயால் குடிக்கும் பேதி மருந்தும் கிடையாது, நேரே ஆஸ்பத்திரி. அந்த ஒரு இடத்தில் நான் எதையும் விற்பதில்லை.

அந்த அம்மாவுக்குக் கொடுத்தது பெரியவர்களுக்கான கிளிசரின் சப்போசிட்டரி ஒன்று, ஒரு நாளைக்கு ஒன்றுதான், வேலை செய்யாவிட்டால் இரண்டாவதை வைத்து முயற்சி செய்ய வேண்டாம், மறுநாளே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லி. கசிவு இருக்கிற ஆளுக்கு இது பாதி வேலைதான் செய்யும் என்று எனக்குத் தெரியும், அதையும் சொன்னேன்.

எப்போது வைப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காலையில் எழுந்து பசியாறிய பிறகு குடல் தானாகவே ஒரு தள்ளு தள்ளும். அந்த நேரத்தோடு சேர்த்து வைத்தால் பலன் கூடுகிறது. காலைத் தேநீரும் ரொட்டியும் முடிந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, கழிவறை காலியாக இருக்கும் நேரத்தில்.

வைக்கும் முறை: கையைக் கழுவி, நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்து, அம்மாவை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, மேல் கால் முட்டியை வயிற்றை நோக்கி மடக்கச் சொல்ல வேண்டும். மருந்தைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம். வாசலின், தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், அது மேலே படலமாக உட்கார்ந்து கிளிசரின் தண்ணீரை இழுப்பதைத் தடுக்கும். கூரான முனை முன்னால் இருக்க, ஆசனவாயின் இறுக்கத்தைத் தாண்டி உள்ளே, சுமார் 2 அல்லது 3 சென்டிமீட்டர். அந்த இறுக்கத்துக்கு வெளியே நின்றால் உடனே வழுக்கி விழுந்துவிடும், வேலை செய்யவில்லை என்று வருகிற புகார்களில் பாதி இதுதான். வைத்ததும் ஒரு நிமிடம் பின்பக்கங்களைச் சேர்த்துப் பிடித்தபடி படுத்திருக்கச் சொல்லுங்கள், முடிந்தால் 15 நிமிடம். கொஞ்சம் எரிச்சல் இருக்கலாம். கடும் வலி, ரத்தம் என்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

கழிவறையில் இன்னொரு ஆபத்து, பலர் யோசிக்காதது. முக்கும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றி விழுவது. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். குந்தும் கழிவறையாக இருந்தால் பக்கத்தில் பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும், உட்காரும் வகை என்றால் காலுக்கு ஒரு முக்காலி, கதவைத் தாழிட வேண்டாம், வெளியே யாராவது நிற்க வேண்டும். இந்த விழுகை நிறைய இடுப்பு எலும்பை உடைத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

அந்த அம்மாவுக்கு வைத்து அரை மணி நேரத்தில் கோலி அளவில் கறுத்த கட்டிகள் சில வந்தன, வலியோடு. மகன் போன் போட்டுச் சந்தோஷமாகச் சொன்னார். 'கசிவு நின்றதா?' என்றேன். நிற்கவில்லை. மறுநாள் காலையிலும் துணியில் கறை. அப்படியென்றால் உள்ளே இன்னும் இருக்கிறது. கிளினிக்குக்கு அனுப்பினேன், அங்கே டாக்டர் கையுறை போட்டு விரலால் பரிசோதித்துப் பார்த்து, இன்னும் நிற்கிறது என்று சொல்லி, அங்கேயே வைத்துச் சரிசெய்தார்கள். வீட்டுக்கு லாக்டுலோஸ் சிரப் கொடுத்து அனுப்பினார்கள், இரும்பு மாத்திரையை மாற்றி யோசிக்கலாம் என்றும் சொன்னார்களாம்.

அந்த லாக்டுலோஸ்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும், அதனால் மக்களுக்குப் பிடிப்பதில்லை, "இது வேலைக்கே ஆகாது" என்று இரண்டாம் நாளே அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஆனால் சப்போசிட்டரி வாசலைத் திறக்கும், அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும் மலத்தை மென்மையாக்க வாய்வழி மருந்து வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கிப் போனால் அடுத்த வாரம் அதே கேள்வியோடு வருவார்கள். வாய்வழி மருந்து இருக்கும்போது சப்போசிட்டரி ஒரு நாள் இரண்டு நாளுக்கான உதவி மட்டும்தான்.

அப்படியென்றால் கிளிசரினை எப்போதாவது உபயோகிப்பது நியாயமா? நியாயம்தான். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு டிராமடால் மாதிரி வலி மாத்திரை சாப்பிட்டு வயிறு நின்றுபோனவருக்கு, தைப்பூசத்துக்குப் பயணம் போய் நாலு நாள் கழிவறை ஒத்துக்கொள்ளாமல் இறுகியவருக்கு, படுத்த படுக்கையில் இருப்பவருக்கு, மலம் வாசலில் வந்து நிற்கிறது என்று தெளிவாக உணர்கிற யாருக்கும் ஒரு கிளிசரின் துண்டு ஆபத்தில்லாத ஆறுதல். பெட்டியிலேயே ஒரு நாளைக்கு ஒன்று, டாக்டர் சொல்லாமல் 7 நாளுக்கு மேல் வேண்டாம் என்ற மாதிரி எழுதியிருக்கும். என் கணக்கில் அந்த 7 நாளே அதிகம். வாரம் தோறும் வாங்குகிறவர் ஒருவரிடம் நான் கிளிசரின் விற்பதை நிறுத்திவிட்டு, மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கும் சோதனைக்குக் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். 50 வயதுக்கு மேல், பழக்கம் திடீரென்று மாறி, மலம் மெலிந்து, எடை குறைந்தால் அது கிளிசரினால் தீரும் பிரச்சினை அல்ல. கிளிசரின் அந்த நேரத்தில் செய்வது உண்மைக் காரணத்தை மறைப்பதுதான்.

மூலம் வெடித்திருக்கும்போது, ஆசனவாயில் பிளவு இருக்கும்போது, அங்கே அண்மையில் ஆபரேஷன் ஆனபோது, கீமோ சிகிச்சையில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது பின்பக்கமாக எதையும் வைப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். சின்னக் கீறல்கூட அந்த உடம்பில் பெரிய தொற்றாக முடியலாம்.

எனிமா எந்த இடத்தில் சரி? கிளிசரின் வேலை செய்யவில்லை, மலம் வாசலில் நிற்பது நிச்சயம், வாந்தி இல்லை, கிட்னி நன்றாக இருக்கிறது, உடம்பில் தண்ணீர் இருக்கிறது என்றால் அந்த 5 மில்லி சிறு குழாய் அடுத்த படி. அளவு கொஞ்சம், அதில் பாஸ்பேட் இல்லை, அரை மணிக்குள் பலன் தெரிந்துவிடும். எனவே கடையில் எனிமா எடுக்கும்போது பெட்டியைத் திருப்பிப் பார்த்து 'பாஸ்பேட்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரிய பாஸ்பேட் பாட்டில் என் பட்டியலில் கடைசி, அதுவும் இளமையான, கிட்னி நல்ல ஆளுக்கு ஒரே ஒரு தடவை. வைத்து 30 நிமிடத்தில் எதுவும் வெளியே வரவில்லை என்றால் காத்துக்கொண்டு இருக்காமல், இன்னொன்றும் ஏற்றாமல், டாக்டரைக் கூப்பிட வேண்டும். முன்னே சொன்ன மாதிரி தங்குவதுதான் விஷயம். எந்த எனிமாவாக இருந்தாலும் கழிவறையில் உட்கார்ந்துகொண்டு பின்னால் கையை வளைத்துச் செருகாதீர்கள், படுத்துத்தான் செய்ய வேண்டும். குழாய் முனை இடித்தால் தள்ளக் கூடாது. வயதானவர்களின் மலக்குடல் சுவர் மெல்லியது, ஓட்டை விழுந்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. எனிமா வைத்துச் சில மணி நேரத்தில் அடிவயிறு கடுமையாக வலித்துக் காய்ச்சல் வந்தால் அது சாதாரணமில்லை.

சோப்புத் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஊரில் இன்னும் யாராவது ஒரு பெரியவர் 'எங்க டிரெசர் செஞ்சாரே' என்பார். செய்தார், உண்மை. டிரெசருக்கு அப்போது வேறு வழி இருக்கவில்லை. சோப்பு குடல் சுவரை இரசாயனமாகப் பொசுக்கி இரத்தம் கசியும் அளவுக்குப் புண்ணாக்கலாம். வெறும் பைப்புத் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஏற்றினால் குடல் அதை உறிஞ்சி ரத்தத்தில் உப்புச் சத்து கரைந்து குறையும், குழந்தைக்கும் முதியவருக்கும் வலிப்பு வரை போகலாம். காபி எனிமாவைப் பற்றி எழுதவே வேண்டாம், சூடு பட்டவர்களும் உப்புச்சத்து குலைந்து இறந்தவர்களும் உண்டு.

கைக்குழந்தைக்கு வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டுச் செருகுவது, சோப்பை மெல்லச் சீவிக் குச்சி மாதிரி வைப்பது, இந்த இரண்டும் நம் வீடுகளில் பாட்டிமார் கைவேலை. காம்பு வேலை செய்வது எண்ணெயால் மட்டும் இல்லை, வாசலை ஒரு பொருள் தொட்டதும் குழந்தையின் குடல் சுருங்கும், அந்தத் தூண்டல்தான். ஆனால் காம்பின் விளிம்பு கீறும், சுத்தமும் சொல்ல முடியாது. சோப்பு எரித்துவிடும். கைக்குழந்தைக்கு, குறிப்பாகப் பிறந்து சில வாரங்களே ஆனதற்கு, நானாக எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை பல நாள் போகாமல் இருந்து ஒரு நாள் மென்மையாகப் போனால் அது அடைப்பே இல்லை. பிறந்ததிலிருந்தே கஷ்டப்பட்டால் அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம், காம்பு வேண்டாம்.

கிளிசரின் பெட்டி வாங்கிப் போகிறவர்களுக்கு இரண்டு சின்ன விஷயங்கள். ஒன்று, பல தயாரிப்புகளில் கிளிசரின் கெட்டிப்படுவதற்கு ஜெலட்டின் சேர்ப்பார்கள், மாடா பன்றியா என்ற கேள்வியோடு இரு பக்கத்து மதத்தவரும் வருவார்கள். எல்லாத் தயாரிப்பிலும் இல்லை, சிலவற்றில் ஸ்டியரேட் வகை உண்டு. சேர்மானப் பட்டியலைப் படித்துவிட்டு எடுங்கள், புரியாவிட்டால் எங்களிடம் காட்டுங்கள், வாசித்துச் சொல்கிறோம். இரண்டாவது, தகரக் கூரை வீட்டில் அலமாரிக்குள் வைத்தால் மத்தியானத்தில் வளைந்து குழைந்துவிடும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். மூடியை இறுக்கி நிழலான இடத்தில் வையுங்கள். குழைந்திருந்தால், பிரிக்காத உறையோடு ஐந்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் விரலால் பிடிக்கும் அளவுக்குக் கெட்டியாகிவிடும்.

இப்போது அந்த மகன் ஒரு பெட்டி கிளிசரின் வைத்திருக்கிறார், அதோடு லாக்டுலோஸ் புட்டியும். அம்மாவின் மாத்திரைப் பட்டியலை ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், யார் வந்து எனிமா கேட்டாலும் முதலில் அதைக் காட்டுவதற்கு.